சம்ப் தண்ணீர் சோதனை: "கசிவு இருக்கக்கூடாது" என்ற ஒரே வரியை வைத்துக் கையெழுத்துப் போடலாமா?

வெள்ளைத்தொப்பி | ஜூன் 4, இரவு 9.10
அடுக்குமாடிக்கான நிலத்தடி சம்ப். உள்ளளவு 6 மீட்டருக்கு 4 மீட்டர், தண்ணீர் ஆழம் 2.2 மீட்டர், சுவர் 200 மி.மீ., எம்30 கான்கிரீட். நான் ஓனர் பக்க இன்ஜினியர். கான்டிராக்டர் கொடுத்த தரத் திட்டம் 14 பக்கம். சிமென்ட், கம்பி, ஜல்லி, மணல் டெஸ்ட் மட்டுமே 11 பக்கம். சம்பை எப்படி ஒப்புக்கொள்வது என்பதற்கு இருப்பது ஒரே வரி: "தண்ணீர் நிரப்பிப் பார்க்க வேண்டும், கசிவு இருக்கக்கூடாது." யார் பார்ப்பது, எத்தனை நாள், எதை வைத்துச் சொல்வது, எதுவும் இல்லை. இதுவே போதும் என்கிறார்கள். போதுமா?

பழைய ஓவர்சியர் | ஜூன் 4, இரவு 9.52
போடாதீங்க தம்பி. அந்த வரியை வைத்து நாளைக்கு ரெண்டு பேருமே ஜெயிக்கலாம். தண்ணீர்த் தொட்டிக்கான இந்தியக் கோடு ஐ.எஸ். 3370, அதன் முதல் பாகத்தில் இதற்கு முறை இருக்கிறது. நிரப்பி 7 நாள் சும்மா விடணும், கான்கிரீட் குடிக்கிறதைக் குடித்துவிடும். அதற்கப்புறம்தான் மட்டத்தைக் குறிக்கணும், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, இன்னொரு 7 நாள். அந்த 7 நாளில் மொத்தம் எவ்வளவு இறங்கியது என்பதுதான் கணக்கு. ஆக நிரப்பின நாளிலிருந்து இரண்டு வாரம். இதை அட்டவணையில் சேர்க்கலைன்னா பில் போடுற வாரத்தில் "மூணு நாள் பார்த்தோம், போதும் சார்" என்று வரும்.

தூக்குக்குண்டு | ஜூன் 4, இரவு 10.15
மூடி போட்ட நிலத்தடித் தொட்டிக்கு 7 நாளில் 40 மி.மீ. வரை இறங்கலாம்னு அதே கோடில் இருக்கு. 40 என்று எழுதிவிடுங்க, சண்டையே வராது.

க்யூப்மோல்டு | ஜூன் 5, காலை 6.40
சண்டை வராது, தண்ணீர் போகும். இந்த சம்பின் பரப்பு 24 சதுர மீட்டர். 1 மி.மீ. இறங்கினால் 24 லிட்டர். 40 மி.மீ. என்றால் 960 லிட்டர், நாளைக்கு 137. அது மூடிய தொட்டிக்குப் பொதுவாக ஏற்கத்தக்கது என்று கோடு சொல்வது. எவ்வளவு இறங்கலாம் என்பதைப் பொறுப்பில் இருக்கும் இன்ஜினியர்தான் முடிவு செய்யணும்னும் அதே இடத்தில் இருக்கு. அதை யாரும் படிப்பதில்லை.

பழைய பிரிட்டிஷ் கோடு 8007 எவ்வளவு கறார் பாருங்கள்: ஆவியானதைக் கழித்துவிட்டு, தண்ணீர் ஆழத்தில் 500-ல் ஒரு பங்கு அல்லது 10 மி.மீ. இந்த ஆழத்துக்கு 500-ல் ஒரு பங்கு 4.4 மி.மீ., ஏறத்தாழ 106 லிட்டர். 960 எங்கே, 106 எங்கே. நான் எழுதினால், ஆவி கழித்து 7 நாளில் 10 மி.மீ. என்று எழுதுவேன். 4.4-ஐ சைட்டில் ஸ்கேலை வைத்து அளந்து நிரூபிப்பது பெரும்பாடு.

சொந்தவீடு_மடிப்பாக்கம் | ஜூன் 5, காலை 8.05
எங்க வீட்டு செங்கல் சம்ப் உள்ளே பூசி 6 வருஷம் ஆகுது. மழைக்காலத்தில் மட்டம் ஏறுது, இறங்கலை. நல்ல சம்ப்தானே? இந்த டெஸ்ட்டில் பாஸ் ஆகுமா?

பழைய ஓவர்சியர் | ஜூன் 5, காலை 8.31
ஏறுதுன்னா வெளித்தண்ணி உள்ளே வருதுங்க. பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தா அதை முதலில் பாருங்க, டெஸ்ட் அப்புறம். தனி இழை போடுங்க, இது கான்கிரீட் தொட்டி.

ஆனா தம்பி, அவர் சொன்னதில் உங்களுக்கும் ஒண்ணு இருக்கு. வெளியே நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது சோதனை வச்சீங்கன்னா உள்ளேயும் வெளியேயும் மட்டம் கிட்டத்தட்ட சமம், ஓட்டை இருந்தாலும் இறங்காது. ஐப்பசியில் பாஸ் ஆகி சித்திரையில் கசியும். சோதனை நாளில் வெளியே குழியில் தண்ணி எந்த மட்டத்தில் நிக்குதுன்னு பதிவுத்தாளில் ஒரு கட்டம் வேணும்.

வெள்ளைத்தொப்பி | ஜூன் 5, மதியம் 1.20
சுவர் வார்த்து 28 நாள் ஆனதும் மேல்தளம் போடுவதற்கு முன்பே நிரப்பிப் பார்த்தால் என்ன? உள்ளே வெளிச்சம் இருக்கும், பழுது பார்ப்பதும் சுலபம்.

க்யூப்மோல்டு | ஜூன் 5, மதியம் 2.02
டிசைனரைக் கேட்காமல் செய்யாதீர்கள். மேல்தளம் சுவரின் தலையைப் பிடித்துக்கொள்ளும் என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், தளம் இல்லாமல், வெளியே மண்ணும் இல்லாமல் நிரப்பும்போது சுவர் அடியில் வரும் வளைவு ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகும். மூலைகள் கொஞ்சம் தாங்கும், ஆனால் அதை நம்பி நிரப்பக்கூடாது. கசிவு தேடப்போய் நீங்களே விரிசலை உண்டாக்குவீர்கள். அப்படிச் சோதிப்பதுதான் திட்டம் என்றால் சுவருக்கு அதற்கேற்ற கம்பி இருக்கணும்.

வெள்ளைத்தொப்பி | ஜூன் 6, இரவு 8.45
கேட்டுவிட்டேன். தளம் பிடிப்பதாகத்தான் டிசைன். எனவே தளம் போட்டு, முட்டு எடுத்த பிறகு நிரப்புகிறோம், வெளியே மண் தள்ளாமல். காலியாக இருக்கும்போது மிதக்குமா என்பதையும் அவரே பார்த்தார். மேல்தளம் இல்லாத நிலையில் எடை 46 டன். குழியில் தண்ணீர் அடித்தள அடியிலிருந்து சுமார் 1.6 மீட்டருக்கு மேல் ஏறினால் தூக்க ஆரம்பிக்கும் என்றார். ஒரு பெரிய மழை போதும். குழியில் எப்போதும் ஒரு பம்ப் தயாராக இருக்க வேண்டும் என்பதும் திட்டத்தில் ஏறிவிட்டது.

இப்போது அடுத்த கேள்வி. நிரப்பும் முன் எங்கெல்லாம் நிறுத்திப் பார்க்க வேண்டும்? அவர்கள் எழுதியிருப்பது "கம்பி கட்டியபின் செக்கிங்" என்று மட்டும்.

பழைய ஓவர்சியர் | ஜூன் 6, இரவு 9.30
நூறு இடத்தில் நிறுத்தினா ஒண்ணையும் யாரும் பார்க்க மாட்டாங்க. இந்தத் தொட்டிக்கு நாலு போதும். அந்த நாலும் "நீங்க வந்து கையெழுத்துப் போடாம அடுத்த வேலை இல்லை" வகையா இருக்கணும்.

முதல் இடம் அடித்தளத்துக்கும் சுவருக்கும் நடுவில் வர்ற ஜாயிண்ட். தளத்தோட சேர்த்து 150 மி.மீ. உயரத்துக்குச் சுவரின் வேரை வார்த்துடுவாங்க, அதன் நடுவில் பி.வி.சி. வாட்டர் ஸ்டாப்பர் பாதி உள்ளே பாதி வெளியே நிக்கும். பார்க்க வேண்டியது அது நட்டுக்கு நிக்குதா என்பது. கம்பியில் கட்டுக்கம்பி போட்டு இழுத்துக் கட்டாம விட்டா கான்கிரீட் விழுற வேகத்தில் சாஞ்சு படுத்துடும். படுத்த பட்டைக்கு அடியில் காத்து தங்கும், தண்ணிக்கு அதுதான் வழி. ரெண்டு துண்டு சேர்ற இடத்தைச் சூட்டுத்தகடு வச்சு உருக்கி ஒட்டியிருக்கணும். ஒண்ணு மேல ஒண்ணு வச்சு ஆணி அடிச்சிருந்தா திருப்பி அனுப்புங்க. மூலையில் கையால இழுத்துப் பாருங்க, பிரிஞ்சு வந்தா அங்கேயே தெரிஞ்சுடும்.

ரெண்டாவது அதே ஜாயிண்ட்டின் மேல்பரப்பு. சிமென்ட் பால் படிஞ்ச மழமழப்பு போய் ஜல்லி தெரியணும்.

மூணாவது ஷட்டரிங்கை இறுக்கிப் பிடிக்கிற டை ராடு. நம்ம ஊர்ல பி.வி.சி. குழாய் செருகி அதுக்குள்ள ராடு விட்டு, அப்புறம் உருவிடுவாங்க. சுவர் முழுக்க ஓட்டை. சிமென்ட் கலவையை விரலால அமுக்கி மூடிடுவாங்க, ரெண்டு நாளில் சுருங்கி விலகும். தொட்டிக்கு அது வேண்டாம். சுவருக்குள்ளேயே தங்கிவிடுற, நடுவில் தகடு பற்றவைச்ச ராடைக் கேளுங்க.

நாலாவது கவர் பிளாக், கம்பிக்கும் ஷட்டரிங்குக்கும் நடுவில் இடைவெளி வைக்கிற கட்டை. தண்ணி படுற பக்கம் 45 மி.மீ. கூடினா 10 வரை போகலாம், குறையவே கூடாது. வார்க்கும் காலையில்தான் பார்க்கணும், முந்தின நாள் பார்த்ததுக்கு மதிப்பில்லை. ராத்திரி கம்பி மேல நடந்திருப்பாங்க.

தூக்குக்குண்டு | ஜூன் 6, இரவு 9.48
கான்கிரீட் பலம் பார்க்க வார்த்து உடைக்கிற க்யூபை விட்டுட்டீங்களே. ஒரு வார்ப்புக்கு 3 க்யூப், 28 நாளில் எல்லாம் 30-க்கு மேல இருந்தா முடிஞ்சது. தனி ரிசல்ட் 26 வரை வரலாம், சராசரி 34 இருக்கணும்.

க்யூப்மோல்டு | ஜூன் 7, காலை 7.15
மூன்று சொன்னீர்கள், ஒன்று பழையது, ஒன்று அரைகுறை, ஒன்று சரி.

26 என்பது பொதுக் கான்கிரீட் கோடான ஐ.எஸ். 456-ன் பழைய கணக்கு, 4 குறையலாம் என்பது. திருத்தத்துக்குப் பிறகு 3 தான் குறையலாம். எம்30-க்கு 27-க்குக் கீழே போனால் தோல்வி. 34 சரி. ஆனால் ஏன் என்று தெரிந்திருக்கணும். முப்பது சாம்பிள் ரிசல்ட் கையில் இல்லாத சைட்டில் திட்ட விலகலை 5 என்று எடுத்துக்கொள்கிறோம், அதில் 0.825 பங்கு 4.125, முழுமையாக்கினால் 4. அதனால் 34. அந்தச் சராசரி தொடர்ச்சியான நாலு ரிசல்ட்டுக்கானது, மூன்று க்யூபுக்கானது அல்ல. மூன்று க்யூப் சேர்ந்துதான் ஒரு ரிசல்ட்.

இந்தத் தொட்டியில் தளம் 8 கன மீட்டர், சுவர் 10, மேல்தளம் 4 சொச்சம். கோடின்படி தளத்துக்கு 2 சாம்பிள், சுவருக்கு 2, மேலே 1. உதாரணத்துக்கு முதல் நாலு ரிசல்ட் 34.5, 31, 36, 28.5 என்று வந்தால் ஒன்றுகூட 27-க்குக் கீழே இல்லை, ஆனால் சராசரி 32.5. ஏற்க முடியாது. "எல்லாம் பாஸ் சார்" என்று ஃபைலில் போகும் கேஸ் இதுதான்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: 45 வந்த கான்கிரீட்டிலும் தொட்டி ஒழுகும். க்யூபுக்கு ஜாயிண்ட் கிடையாது.

வெள்ளைத்தொப்பி | ஜூன் 10, இரவு 10.05
திருத்திய திட்டம் கையெழுத்தாகிவிட்டது. 10 மி.மீ. வரம்புக்கு இரண்டு நாள் பேரம் நடந்தது. நாலு நிறுத்தம் ஒப்புக்கொண்டார்கள். தண்ணீர் யார் செலவு என்பது யாருக்கும் தோன்றவில்லை, கடைசியில் நான்தான் கேட்டேன். 52.8 கன மீட்டர், 12,000 லிட்டர் லாரி என்றால் ஐந்து நடை. முதல் தடவை ஓனர் செலவு, தோற்றால் மறுபடி நிரப்புவது கான்டிராக்டர் செலவு. இந்த ஒரு வரிக்குப் பிறகுதான் வாட்டர் ஸ்டாப்பரைப் பற்றி அவர்களாகவே விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

பழைய ஓவர்சியர் | ஜூலை 29, மாலை 6.20
நிரப்பப்போறீங்கன்னு கேள்விப்பட்டேன். ஒரே நாளில் கொட்டாதீங்க. நாளைக்கு ஒரு மீட்டர் சுமார் போதும். மிதவை வால்வை மட்டும் நம்பாதீங்க, உள்ளே வர்ற குழாயைக் கழட்டி மூடி போட்டுடுங்க. வால்வு ராத்திரி சொட்டினா இறங்கினது தெரியாது. அதே மாதிரி வெளியே போற குழாய் எல்லாத்துக்கும் பிளக். மட்டம் பார்க்க டேப்பை மேலேருந்து தொங்கவிட வேண்டாம், ஸ்டீல் ஸ்கேலைச் சுவரில் பொருத்திடுங்க. ஒரே ஆள், ஒரே நேரம்.

ஒரு பக்கெட்டில் முக்கால் தண்ணி ஊத்தி அதைச் சம்பிலேயே மிதக்க விடுங்க. பக்கெட்டில் இறங்கினது ஆவி. சம்பில் இறங்கினதில் அதைக் கழிக்கணும்.

வெள்ளைத்தொப்பி | ஆகஸ்ட் 17, மதியம் 12.40
ஆகஸ்ட் 3-ல் நிரம்பியது, 10 வரை விட்டோம். 10-லிருந்து இன்று வரை ஒவ்வொரு நாளும் இறங்கியது, மி.மீ. கணக்கில்:

6, 5, 5, 4, 4, 4, 4. மொத்தம் 32. பக்கெட்டில் வாரம் முழுக்க 3. ஆக 29.

கான்டிராக்டர் கோடு புத்தகத்தோடு வந்துவிட்டார். 40-க்குள் இருக்கிறது, பாஸ் என்கிறார்.

தூக்குக்குண்டு | ஆகஸ்ட் 17, மதியம் 1.15
ஒப்பந்தத்தில் 10 எழுதியிருக்கு, அதனால் ஃபெயில். ஆனா தோத்தா இன்னொரு 7 நாள் நீட்டிக்கலாம்னு கோடில் இருக்கே. நீட்டிங்க, குறைஞ்சுடும்.

க்யூப்மோல்டு | ஆகஸ்ட் 17, மதியம் 2.50
நீட்டிப்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: தினசரி இறக்கம் குறைந்துகொண்டே வரணும். மொத்தத்தைப் பார்க்காதீர்கள், வரிசையைப் பாருங்கள். 6, 5, 5 வரைக்கும் கான்கிரீட் குடித்தது என்று சொல்லலாம். அதற்கப்புறம் நாலு நாள் 4, 4, 4, 4. கான்கிரீட் தாகம் இப்படி ஒரே அளவில் நிற்காது, ஓட்டைதான் நிற்கும். ஆவி போக நாளைக்கு 80 லிட்டருக்கு மேல் எங்கேயோ போகிறது.

வேறொரு தொட்டி 9, 8, 6, 5, 3, 2, 1 என்று 34 இறங்கியிருந்தால் உங்கள் 32-ஐவிட அது நல்ல தொட்டி.

பழைய ஓவர்சியர் | ஆகஸ்ட் 17, மாலை 7.05
வெளிச்சுவர் என்ன சொல்லுது? ஈரத் திட்டு, வெள்ளைப் படிவு?

வெள்ளைத்தொப்பி | ஆகஸ்ட் 17, இரவு 8.20
மூன்று பக்கம் எலும்பாட்டம் காய்ந்து கிடக்கிறது. கிழக்குப் பக்கம் தெரியாது. காம்பவுண்டு சுவர் சரிகிறது என்று அந்தப் பக்கம் மட்டும் ஜூலையிலேயே மண் தள்ள அனுமதித்துவிட்டேன். ஆமாம், நான்தான்.

பழைய ஓவர்சியர் | ஆகஸ்ட் 17, இரவு 8.41
சரி, நடந்தது நடந்துபோச்சு. தோண்டுறதுக்கு முன்னாடி உயரத்தைப் பிடிங்க. 1.2 மீட்டர் வரைக்கும் பம்ப் பண்ணி இறக்கிட்டு மூணு நாள் பாருங்க. அப்பவும் இறங்கினா ஓட்டை கீழே. நின்னுபோச்சுன்னா மேலே.

வெள்ளைத்தொப்பி | ஆகஸ்ட் 22, காலை 9.30
நின்றுவிட்டது. மூன்று நாளில் பக்கெட்டுக்கும் சம்புக்கும் வித்தியாசமே இல்லை. அப்படியானால் 1.2-க்கும் 2.2-க்கும் நடுவில். டை ராடு வரிசைகள் 0.4, 1.1, 1.8 மீட்டரில் இருக்கின்றன. 1.8 வரிசைதான் என்று நினைக்கிறேன்.

க்யூப்மோல்டு | ஆகஸ்ட் 22, காலை 10.10
சுவர் வார்த்த நாளின் பதிவுத்தாளைப் போடுங்கள். லாரி வந்த நேரங்கள்.

வெள்ளைத்தொப்பி | ஆகஸ்ட் 22, காலை 10.35
பிளான்ட்டில் கலந்து வரும் ஆர்.எம்.சி. கான்கிரீட், இரண்டு லாரி. முதலாவது 6 கன மீட்டர், இறக்கி முடித்தது 10.50. இரண்டாவது வந்தது 1.35.

க்யூப்மோல்டு | ஆகஸ்ட் 22, காலை 10.58
இரண்டே முக்கால் மணி நேரம், ஜூலை வெயிலில். கணக்கைப் பாருங்கள். சுவரின் சுற்றளவு நடுக்கோட்டில் 20.8 மீட்டர், பருமன் 0.2. ஒரு மீட்டர் உயரத்துக்கு 4.16 கன மீட்டர். 6 கன மீட்டர் என்றால் 1.44 மீட்டர் உயரம். அதோடு கீழே வேர் 0.15. தளத்திலிருந்து 1.6 மீட்டரில் முதல் லாரி நின்றிருக்கிறது. அங்கே கான்கிரீட் இறுகின பிறகு அடுத்தது விழுந்தால் வைப்ரேட்டர் ஊசி கீழ் அடுக்குக்குள் இறங்காது. கிழக்கில் 1.6-ல் தோண்டுங்கள், 1.8-ல் அல்ல.

வெள்ளைத்தொப்பி | ஆகஸ்ட் 25, மாலை 5.15
மறுபடி முழுக்க நிரப்பிவிட்டுத் தோண்டினோம். தளத்திலிருந்து 1.58-ல், படுக்கைவாட்டில் 1.3 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஈரக்கோடு. டை ராடு எல்லாம் காய்ந்திருக்கிறது. ஐயா சொன்ன தகடு ராடு தப்பித்தது.

தூக்குக்குண்டு | ஆகஸ்ட் 25, மாலை 5.40
நாலு பக்கமும் அதே லாரி, அதே தாமதம். கிழக்கில் மட்டும் ஏன்?

பழைய ஓவர்சியர் | ஆகஸ்ட் 25, இரவு 9.00
நல்ல கேள்வி. அந்தப் பக்கம் வெயில் நேரா விழுந்திருக்கலாம், வைப்ரேட்டர்காரர் அங்கே சாப்பாட்டுக்கு முன்னாடி வந்திருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியாது. மத்த மூணு பக்கமும் நல்ல ஜாயிண்ட்டுன்னும் நான் சொல்ல மாட்டேன், இன்னைக்கு ஒழுகலை, அவ்வளவுதான்.

வெள்ளைத்தொப்பி | ஆகஸ்ட் 26, காலை 7.50
மேலே கோட்டிங் அடித்துவிடுகிறோம், போதும் என்கிறார்கள்.

க்யூப்மோல்டு | ஆகஸ்ட் 26, காலை 8.20
கோட்டிங் ஒப்பந்தத்தில் தனியாக இருந்தால் அது தனியாக வரட்டும். சோதனை வெறும் கான்கிரீட்டில்தான், பூச்சுக்கும் கோட்டிங்குக்கும் முன்னால். அடித்துவிட்டுச் சோதித்தால் நீங்கள் சோதிப்பது பெயின்ட்டை. தண்ணீரை இறக்கிவிட்டு உள்ளிருந்து சாய்வாகத் துளை போட்டு, சுவரின் நடுப்பருமனில் ஜாயிண்ட்டைச் சந்திக்கிற மாதிரி, 200 மி.மீ.க்கு ஒன்றாகப் பேக்கர் என்ற ஊசிமுனை வைத்து பாலியூரித்தேன் ஏற்றச் சொல்லுங்கள். ஈரக்கோடு 1.3 மீட்டர் என்றால் இரண்டு பக்கமும் அரை மீட்டர் தாண்டிப் போகணும். ஒரு துளையில் ஏற்றும்போது அடுத்த துளையில் வெளியே வரணும், வந்தால்தான் இடைவெளி நிரம்பியதாக அர்த்தம்.

வெள்ளைத்தொப்பி | செப்டம்பர் 16, இரவு 8.30
மறு சோதனை முடிந்தது, கிழக்குப் பக்கம் திறந்தபடியே. தினசரி 2, 1, 1, 1, 0, 1, 0. மொத்தம் 6, பக்கெட்டில் 2, ஆக 4. குழியில் தண்ணீர் இல்லை, பதிவில் இருக்கிறது. ஏற்றுக்கொண்டோம்.

மறுபடி நிரப்பிய ஐந்து நடையும் கான்டிராக்டர் கணக்கு. பில்லில் பிடித்தபோது அவர் கேட்டது: ஆர்.எம்.சி. லாரி தாமதத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு? தரத் திட்டத்தில் லாரிகளுக்கு இடையில் எத்தனை நிமிடம் என்று நாங்கள் எழுதவே இல்லை. அடுத்த திட்டத்தில் எத்தனை போடுவது?

தூக்குக்குண்டு | செப்டம்பர் 16, இரவு 8.55
30 நிமிஷம்.

பழைய ஓவர்சியர் | செப்டம்பர் 16, இரவு 9.20
சென்னை டிராஃபிக்கில் 30 எழுதினா தினமும் மீறல்தான். நிமிஷத்தை விட, ரெண்டாவது லாரி கேட் உள்ளே வந்த பிறகுதான் முதல் லாரியைத் திறக்கணும்னு எழுதுங்க. தாமதமானா, இறுகுறதைத் தள்ளிப்போடுற ரிட்டார்டர் மருந்து எவ்வளவுன்னு பிளான்ட்டோட முன்கூட்டியே பேசி வச்சுக்கங்க.

க்யூப்மோல்டு | செப்டம்பர் 17, காலை 6.55
முதல் லாரி கேட்டில் காத்திருந்தால் அதிலிருக்கும் கான்கிரீட்டுக்கும் வயசாகும், ஐயா. இறக்கும்போது ஸ்லம்ப், அதாவது இளக்கம், குறைந்திருப்பதைப் பார்த்து, யாராவது தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். 10 கன மீட்டருக்கு இரண்டு லாரி என்றால் நான் வேகமாகக் கொட்டாமல் அடுக்கு உயரத்தைக் குறைத்து, முதல் லாரியையே நீட்டி இறக்குவேன். இதில் எனக்கும் முழுத் திருப்தி இல்லை.

சொந்தவீடு_மடிப்பாக்கம் | செப்டம்பர் 17, காலை 9.12
பக்கெட்டை மிதக்கவிட்டுப் பார்த்தேன். பக்கெட்டில் இறங்குது, சம்பில் ஏறுது. செப்டிக் டேங்க் எட்டடி தள்ளித்தான் இருக்கு. தனி இழை போட்டுட்டேன், வாங்க.